கனடா ஸ்டடி பிளானில் என்ன எழுதுவது, பிஆர் ஆசையை என்ன செய்வது

"அண்ணா, 2021ல பி.இ. மெக்கானிக்கல் முடிச்சு கோவையில ஒரு பம்ப் கம்பெனியில குவாலிட்டி இன்ஜினியரா இருக்கேன். ஒன்டாரியோவில ஒரு பப்ளிக் காலேஜ்ல சப்ளை செயின், ஒரு வருஷ கிராஜுவேட் சர்டிபிகேட், ஆஃபர் லெட்டர் வந்திருச்சு. ஏஜென்ட் எழுதிக் கொடுத்த ஸ்டடி பிளானைப் படிச்சா வேற யாரோ போற மாதிரி இருக்கு. பிஆர் ஆசையே இல்லைன்னு எழுதச் சொல்றார், அது பொய். ரெண்டு வருஷம் முன்னாடி அமெரிக்க விசா ரிஃபியூஸ் ஆச்சு, அதைக் காட்ட வேண்டாம்ங்கிறார். அப்பா பேர்ல வீட்டு மனை இருக்கு, கொஞ்சம் எஃப்டி இருக்கு, மீதி லோன். எப்படி எழுதறது?"

முதலில் அமெரிக்க ரிஃபியூசல். அதை மறைக்கவே கூடாது. ஸ்டடி பெர்மிட் விண்ணப்பமான IMM 1294 படிவத்திலேயே, கனடாவோ வேறு எந்த நாடோ உங்களுக்கு விசா மறுத்திருக்கிறதா என்று நேராகக் கேட்கிறார்கள். அங்கே 'இல்லை' என்று போட்டுப் பிடிபட்டால் அது வெறும் ரிஃபியூசலோடு நிற்காது, குடிவரவுச் சட்டத்தின் 40வது பிரிவின்படி பொய்த்தகவல் என்று பதிவாகி ஐந்து வருடத்துக்குக் கனடா பக்கமே போக முடியாது. விசா தகவல்களைக் கனடாவும் அமெரிக்காவும் பரிமாறிக்கொள்கின்றன, ஆகவே தெரியாமல் போகும் என்று நம்ப இடமே இல்லை. 'ஆம்' என்று போட்டு, எந்த மாதம், எந்த விசா, என்ன காரணம் சொன்னார்கள் என்று இரண்டு வரி எழுதினால் அது பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். ஏஜென்ட் சொன்னார் என்பது பின்னால் எந்த இடத்திலும் செல்லாது, கையெழுத்து உங்களுடையது.

சரி, ஸ்டடி பிளானுக்கு வருவோம். உங்கள் ஃபைலைப் பார்க்கும் அதிகாரி மூன்று விஷயத்தில் திருப்தியடைய வேண்டும்: இந்தப் படிப்பு இந்த ஆளுக்கு அர்த்தமுள்ளதா, பணம் உண்மையிலேயே இருக்கிறதா, அனுமதித்த காலம் முடிந்தால் கிளம்புவாரா. கடைசியாகச் சொன்னதுதான் ரிஃபியூசல் கடிதங்களில் R216(1)(b) என்று வருவது. மார்க்‌ஷீட்டும் பேஸ்லிப்பும் பேங்க் ஸ்டேட்மென்டும் தனித்தனியாகக் கிடக்கும், அவற்றை ஒரு கதையாகக் கோர்ப்பது இந்த ஒரு கடிதம் மட்டும்தான். கனடா பன்முகக் கலாசார நாடு, உலகத்தரக் கல்வி, அமைதியான சூழல் என்றெல்லாம் ஏஜென்ட் எழுதியிருப்பார். அதில் உங்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, அப்படியே வெட்டி எறியுங்கள்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். ரிஃபியூஸ் ஆகி அங்குள்ள ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனாலும், அதிகாரி முன்னால் அன்றைக்கு என்ன இருந்ததோ அதை வைத்துத்தான் பொதுவாகப் பார்ப்பார்கள். "நான் சொல்ல வந்தது இதுதான்" என்று பிறகு சேர்க்க வழி கிடையாது. அதனால் அதிகாரிக்கு வரக்கூடிய சந்தேகத்தை நீங்களே முதலில் எழுப்பி நீங்களே பதில் சொல்லிவிடுவது நல்லது.

உங்கள் ஃபைலில் அந்தச் சந்தேகம் எங்கே என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிகிறது. நான்கு வருட டிகிரி முடித்து வேலையிலும் இருப்பவர், அதைவிடக் கீழே தெரிகிற ஒரு வருட சர்டிபிகேட்டுக்கு ஏன் இவ்வளவு பணம் செலவழித்துப் போகிறார், அதுவும் மெக்கானிக்கலிலிருந்து சப்ளை செயினுக்கு ஏன் தாவுகிறார்? உங்களைப் போன்றவர்களின் ஃபைலில் அதிகாரிகள் அடிக்கடி குறித்து வைப்பது இதைத்தான், முந்தைய படிப்போடு பார்த்தால் இது நியாயமான அடுத்த படியாகத் தெரியவில்லை என்று. இதற்குப் பதில் உங்கள் வேலையிலேயே இருக்கிறது, ஆனால் ஏஜென்டுக்கு அது தெரியாது. அவர் என்ன எழுதியிருப்பார் என்று ஊகிக்கிறேன்: "சப்ளை செயின் துறையில் எனக்குச் சிறுவயது முதலே ஆர்வம்." சிறுவயதில் யாருக்கு சப்ளை செயினில் ஆர்வம் இருந்தது?

பம்ப் கம்பெனி குவாலிட்டியில் இருக்கிறீர்கள் என்றால் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன் உங்கள் கையில் இருந்திருக்கும். ஃபவுண்டரியிலிருந்து கேசிங் காஸ்டிங் வந்து இறங்குகிறது, மெஷினிங் போட்டதும் உள்ளே ப்ளோஹோல் தெரிகிறது, அந்த லாட்டை நீங்கள் ரிஜெக்ட் செய்கிறீர்கள். உங்கள் வேலை அதோடு முடிந்தது. ஆனால் அசெம்ப்ளி லைன் நிற்கும், பர்ச்சேஸ்காரர் வேறு ஃபவுண்டரிக்கு போன் போடுவார், அவன் விலையை ஏற்றிச் சொல்வான், இது ஆகாது என்று ஸ்டோர்ஸில் மூன்று மாதச் சரக்கை வாங்கிக் குவித்துப் பணத்தை முடக்குவார்கள். காஸ்டிங்கில் குறை இருக்கிறது என்று கண்டுபிடிக்க உங்களுக்குத் தெரியும். எந்த சப்ளையரை வைத்துக்கொள்வது, எவ்வளவு சரக்கு கையில் வைப்பது, தாமதத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பது உங்கள் பி.இ.யில் இல்லை. அந்த இடைவெளிதான் உங்கள் ஸ்டடி பிளானின் நடுநாயகம். அதை இப்படி எழுதலாம் (கடிதம் ஆங்கிலத்தில் போக வேண்டும், ஆனால் முதலில் தமிழிலேயே எழுதிப் பாருங்கள், யோசனை தெளிவாகும்):

"மூன்று ஆண்டுகளாக வெளியிலிருந்து வரும் வார்ப்புகளைச் சோதிக்கும் பணியில் இருக்கிறேன். குறையுள்ள லாட்டை நிராகரிக்கும் அதிகாரம் எனக்கு உண்டு, ஆனால் அதன்பின் வரும் தாமதத்தையும் செலவையும் கையாளும் பயிற்சி எனக்கு இல்லை. எங்கள் நிறுவனத்தில் சப்ளையர் டெவலப்மென்ட் பொறுப்புக்குப் போக கொள்முதலும் இருப்புத் திட்டமிடலும் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பாடத்திட்டத்தில் நான் பார்த்தது அவை இரண்டையும்தான். எனக்கு இன்னொரு பட்டம் தேவையில்லை. இருக்கும் பட்டத்தின் மேல் இந்த ஒரு திறன் தேவை, அதற்கு ஓராண்டு போதும்."

கடைசி இரண்டு வாக்கியத்தைக் கவனியுங்கள், கீழ்நிலைப் படிப்பு என்ற சந்தேகத்தை நேரடியாகத் தொட்டுப் பதில் சொல்கிறது. இதைப் படிக்கிற அதிகாரி உங்கள் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரைத் திறந்தால் அங்கேயும் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன் என்று இருக்க வேண்டும். வெறும் "இன்ஜினியராகப் பணிபுரிகிறார்" என்று இருந்தால் ஹெச்ஆரிடம் சொல்லி வேலை விவரத்தோடு புது லெட்டர் வாங்குங்கள். பாடப் பெயர்களைக் கல்லூரி இணையப் பக்கத்திலிருந்து எடுங்கள், எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டாம், உங்கள் வேலையோடு ஒட்டுகிற இரண்டு அல்லது மூன்று போதும்.

ஏன் இந்தியாவிலேயே படிக்கவில்லை என்ற கேள்விக்கும் ஒரு பத்தி வேண்டும். "இந்தியாவில் தியரி, கனடாவில் பிராக்டிக்கல்" என்பதை மட்டும் எழுதாதீர்கள், பார்க்கிற ஸ்டடி பிளானில் எல்லாம் இது இருக்கிறது, ஆதாரமும் கிடையாது. நிஜமாக நீங்கள் எதைப் பார்த்தீர்களோ அதைச் சொல்லுங்கள். ஐஐஎம் மும்பை இந்தத் துறைக்குப் பெயர் பெற்றது, பழைய நிட்டி, அதற்கு கேட் எழுத வேண்டும், படிப்பு இரண்டு வருடம். முயற்சி செய்து ஸ்கோர் வரவில்லை என்றால் வரவில்லை என்றே எழுதலாம், அது குற்றமில்லை. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் எம்பிஏ இங்கே குறைந்த செலவில் கிடைக்கிறது என்று ஒத்துக்கொண்டு, அது ஏன் உங்களுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லுங்கள். மாற்று வழிகளை எடைபோட்டுப் பார்த்தவர் என்ற எண்ணம் வந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அடுத்தது பணம். ஸ்டடி பெர்மிட்டுக்குக் காட்ட வேண்டியது முதல் வருட ஃபீஸ், வாழ்க்கைச் செலவு, போக்குவரத்து. கியூபெக் தவிர்த்த மாகாணங்களில் தனி ஆளுக்கு வாழ்க்கைச் செலவாக 2025 செப்டம்பர் 1 முதல் 22,895 கனடியன் டாலர் கேட்கிறார்கள். அதற்கு முன் 20,635 ஆக இருந்தது. வருடாவருடம் மாற்றுகிறார்கள், அப்ளை செய்கிற அன்று கனடா குடிவரவுத் துறையான ஐஆர்சிசியின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாழ்க்கைச் செலவுப் பணத்தை முன்கூட்டியே கனடா வங்கியில் போடுகிற ஜிஐசி டெபாசிட் இருந்தால் ஃபைல் வேகமாக நகரும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தால் அது எஸ்டிஎஸ் என்ற பழைய விரைவு விசாத் திட்டத்தின் கதை, அந்தத் திட்டம் 2024 நவம்பர் 8ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. ஜிஐசி இப்போது கட்டாயமில்லை, ஆனாலும் போடுங்கள் என்றுதான் சொல்வேன், பணம் கனடா வங்கிக்கே போய்விட்டது என்பதைவிடத் தெளிவான ஆதாரம் கிடையாது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஃபீஸ் 18,000 டாலர் என்றும் டாலர் 63 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால் ஃபீஸ் 11.34 லட்சம், ஜிஐசி 14.42 லட்சம். இரண்டும் சேர்ந்து 25.76 லட்சம், டிக்கெட்டும் மற்றதும் தனி. உங்களிடம் லோன் 15 லட்சம், அப்பாவின் எஃப்டி 7 லட்சம், உங்கள் சேமிப்பு ஐந்தரை லட்சம் என்று இருக்கட்டும். "என் குடும்பம் பொருளாதார ரீதியாக வலுவானது" என்று எழுதுவதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: லோனிலிருந்து 11.34 லட்சம் நேராகக் கல்லூரிக்குப் போகிறது. லோனில் மிச்சமுள்ள 3.66 லட்சம், அப்பாவின் 7 லட்சம், என் சேமிப்பில் 3.76 லட்சம், மூன்றும் சேர்ந்து ஜிஐசி. சேமிப்பில் மீதி 1.74 லட்சம் பயணத்துக்கும் முதல் சில வாரங்களுக்கும். எந்த ரூபாய் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டால் அதிகாரிக்குக் கூட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் எந்த ஆவணம் என்று குறித்துவிடுங்கள்.

இதில் இடறுகிற இடங்கள் சில உண்டு. லோன் லெட்டரில் "இன் பிரின்சிபிள்" என்றோ ஆய்வுக்கு உட்பட்டது என்றோ இருந்தால் அது முழு சாங்ஷன் ஆகாது, மனை அடமானம் பார்த்து முடித்த இறுதிக் கடிதம் வேண்டும். விவசாய நிலத்தைப் பெரும்பாலான வங்கிகள் கல்விக் கடனுக்கு ஈடாக எடுக்காது, உங்களுடையது வீட்டு மனை என்பது நல்லதாகப் போயிற்று. எஃப்டி இரண்டு மாதம் முன்னால் ஒரே தடவையில் போட்டது என்றால் அதற்குக் கதை வேண்டும், ஏனென்றால் கடந்த நான்கு மாத ஸ்டேட்மென்ட் கேட்பார்கள், அதில் திடீரென்று ஏழு லட்சம் வந்து விழுந்திருப்பது கண்ணில் படும். எல்ஐசி பாலிசி முதிர்ந்த பணம் என்றால் அந்தக் கடிதத்தை வையுங்கள். சொந்தக்காரரிடம் கைமாற்று வாங்கி நான்கு நாள் அக்கவுன்டில் வைத்துக் காட்டுவது ஊரெல்லாம் நடக்கிறது, அது உங்கள் பணம் இல்லை, எழுதாதீர்கள்.

அப்புறம் அப்பாவின் வருமானம். ஆடிட்டர் கொடுக்கும் நெட்வொர்த் சர்டிபிகேட்டில் மனையின் மதிப்பு, நகை எல்லாம் சேர்த்து ஒரு கோடிக்கு மேல் காட்டுவார்கள். ஐடி ரிட்டர்னில் வருடத்துக்கு நாலே முக்கால் லட்சம் இருக்கும். பிளானில் "அப்பாவின் வருட வருமானம் 15 லட்சம்" என்று ஏஜென்ட் போட்டிருந்தால் மூன்று காகிதமும் மூன்று கதை சொல்லும். ரிட்டர்னில் உள்ளதையே எழுதுங்கள். மனையை நாளைக்கே விற்றுக் காசாக்க முடியாது, அதனால் பட்டாவும் வில்லங்கச் சான்றும் பணம் இருப்பதற்குச் சாட்சி ஆகாது. லோனுக்கு அது ஈடு, அவ்வளவுதான் அதன் வேலை. படித்துக்கொண்டே பார்ட் டைம் வேலை செய்து சமாளிப்பேன் என்பதையும் நிதித் திட்டத்தில் சேர்க்காதீர்கள். வாரத்துக்கு 24 மணி நேரம் வரை வெளியே வேலை செய்ய அனுமதி உண்டுதான், ஆனால் அங்கே சம்பாதிக்கப் போவதைக் கணக்கில் வைக்காமலேயே பணம் போதுமானதாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி.

இனி பிஆர். இங்கேதான் ஏஜென்ட்கள் எல்லோரையும் பொய் எழுத வைக்கிறார்கள், அதுவும் தேவையே இல்லாமல். கனடாவின் குடிவரவுச் சட்டம் 22(2) தெளிவாகச் சொல்கிறது: நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் ஒருவருக்கு இருப்பதாலேயே தற்காலிகமாக வருவதைத் தடுக்க முடியாது, அனுமதித்த காலம் முடியும்போது கிளம்புவார் என்று அதிகாரி திருப்தியடைந்தால் போதும். ஆக ஆசை இருப்பது தப்பே இல்லை. கேள்வி என்னவென்றால், அந்த ஆசை நடக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? அதற்கு நம்பும்படி ஒரு பதில் வேண்டும். அதேசமயம் பிஆர்தான் நோக்கம், படிப்பு அதற்கு வழி என்று தோன்றும்படி எழுதினால் ரிஃபியூசலை நீங்களே கேட்டு வாங்கியது போல. எக்ஸ்பிரஸ் என்ட்ரி பாயின்ட், மாகாண நாமினேஷன் பற்றியெல்லாம் இந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட வேண்டாம். மறைப்பதற்காகச் சொல்லவில்லை, நீங்கள் கேட்கிற அனுமதி அதற்கானதல்ல. ஆனால் "கனடாவில் வேலை செய்யவோ தங்கவோ எனக்குத் துளியும் விருப்பமில்லை" என்ற வரியும் வேண்டாம். ஒன்று, அது பொய். இரண்டு, எந்த அதிகாரியும் அதை நம்பப் போவதில்லை.

போஸ்ட் கிராஜுவேஷன் வொர்க் பெர்மிட் பற்றி எழுதும் முன் உங்கள் படிப்புக்கு அது உண்டா என்று பாருங்கள். 2024 நவம்பர் 1ஆம் தேதிக்குப் பிறகு ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு, இப்படிப்பட்ட கல்லூரி சர்டிபிகேட், டிப்ளமோ எல்லாவற்றுக்குமே அது கிடைத்துவிடாது. அரசு வெளியிட்ட துறைப் பட்டியலில் அந்தப் படிப்பின் சிஐபி குறியீடு இருக்க வேண்டும். அந்த ஆறு இலக்க எண்ணைக் கல்லூரியிடம் மெயிலில் கேட்டு வாங்கிப் பட்டியலில் தேடுங்கள், ஏஜென்ட் வாயால் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இருந்தாலும் ஒரு வருடப் படிப்புக்கு ஒரு வருட வொர்க் பெர்மிட்தான். இல்லை என்றால் உங்கள் முழுத் திட்டத்தையும் மறுபடி யோசிக்க வேண்டும், விசாவுக்காக அல்ல, லோனுக்காக. 15 லட்சத்துக்குப் பத்து வருடம், பத்தரை சதவீதம் என்றால் ஈஎம்ஐ இருபதாயிரத்துக்குச் சற்று மேல் வரும், படிக்கிற காலத்து வட்டி சேர்ந்தால் இன்னும் கூடும். கோவைச் சம்பளத்தில் அதைக் கட்ட முடியுமா என்ற கேள்வி அதிகாரிக்கும் வரும், உங்கள் அப்பாவுக்கும் வர வேண்டும்.

அதனால் எதிர்காலப் பத்தியில் சம்பளக் கணக்கை நேர்மையாக வையுங்கள். இப்போது 32,000 வாங்குகிறீர்கள் என்றால், கோவை, ஓசூர், சென்னைப் பக்கம் சப்ளையர் குவாலிட்டி, சோர்சிங் வேலைகளுக்கு என்ன தருகிறார்கள் என்று நாலைந்து நிஜ விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள், அதன் நகலையும் இணைக்கலாம். "திரும்பி வந்ததும் மாதம் இரண்டு லட்சம்" என்று எழுதினால் மொத்தக் கடிதமும் சந்தேகத்துக்கு இடமாகிவிடும். இப்படி எழுதலாம்:

"படிப்புக்குப் பின் சட்டம் அனுமதித்தால் அங்கே ஓராண்டு துறை அனுபவம் பெற விரும்புகிறேன். அனுமதிக்காலம் முடியும்போது சட்டப்படித் தங்க வேறு அனுமதி இல்லையென்றால் கோயம்புத்தூர் திரும்புவேன். பம்ப், மோட்டார், வார்ப்புத் தொழில் செறிந்த ஊர் என்பதால் என் அனுபவத்துக்கு அங்கே வேலை இருக்கிறது, இணைத்துள்ள விளம்பரங்களில் அதைக் காணலாம். என் கல்விக் கடனுக்குக் குடும்பத்தின் வீட்டு மனை ஈடாக இருக்கிறது, கடனை அடைக்கும் பொறுப்பு என்னுடையது."

இதில் பொய் ஒன்றுமில்லை, பிஆர் ஆசையையும் மறுக்கவில்லை. பெற்றோருக்கு ஒரே பிள்ளை, வயதானவர்கள், நம் கலாசாரம் என்று உருக்கமாக எழுதுவதைவிட இது பல மடங்கு எடை கொண்டது. உங்கள் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று லெட்டர் தந்தால் வையுங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள். சும்மா ஒரு லெட்டர்ஹெட்டில் வேலை உறுதிக் கடிதம் தயாரித்துத் தரும் ஆட்கள் இருக்கிறார்கள், அந்த நம்பருக்குப் போன் போட்டுச் சரிபார்த்தால் ஐந்து வருடத் தடைதான். கனடாவில் அண்ணனோ அக்காவோ இருந்தால் குடும்ப விவரப் படிவத்தில் கேட்டால் அங்கே எழுதுங்கள், பிளானிலும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

நீளம் இரண்டு பக்கம், மிஞ்சினால் இரண்டரை. நீங்களே எழுதுங்கள், ஆங்கிலம் கொஞ்சம் முன்னேபின்னே இருந்தால் பரவாயில்லை, ஐஇஎல்டிஎஸ்ஸில் ரைட்டிங் 6 வாங்கியவர் கவிதை போல எழுதியிருந்தால்தான் உறுத்தும். ஆன்லைனில் இதற்கென்று தனி இடம் கேட்கவில்லை என்றால் "Client Information" என்ற இடத்தில் ஏற்றலாம், அமெரிக்க ரிஃபியூசல் விளக்கத்தையும் அதே பிடிஎஃப்பில் கடைசிப் பக்கமாக வையுங்கள். ஏற்றுவதற்கு முன் IMM 1294, ரெஸ்யூமே, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், பிளான் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதிகளை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேலையில் சேர்ந்த மாதம் ஒன்றில் ஜூன், இன்னொன்றில் ஆகஸ்ட் என்று இருப்பது ஏஜென்ட் நிரப்பிய படிவங்களில் சாதாரணமாக நடக்கும். ஏஜென்ட் அக்கவுன்டிலிருந்து சப்மிட் செய்வதாக இருந்தால், அவர் கடைசியில் எதை ஏற்றினார் என்று முழு பிடிஎஃப் வாங்கிப் படித்த பிறகே பணம் கட்டச் சொல்லுங்கள்.